நூறு வந்துவிட்டால் போதுமா?

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை ஒட்டி இருக்கிறது ஜீவனஹள்ளி. பழைய கண்டோன்மென்ட்டின் மக்கள் கலவை இன்றும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் காதில் விழும். ஒரே சந்தில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு நான்கையும் கேட்கலாம். இங்கே ஒரு பள்ளி வகுப்பில் புள்ளியியல் பாடம் நடத்தப்போகும் ஆசிரியருக்குக் கணக்கெடுக்க விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. "வீட்டில் அம்மாவோடு எந்த மொழியில் பேசுகிறாய்?" என்ற ஒரு கேள்வி போதும். துண்டுச் சீட்டில் பதில் வாங்கி, கரும்பலகையில் நேர்க்கோட்டுக் குறி போட்டு, ஐந்தைந்தாகக் கட்டி எண்ணினால் நிகழ்வெண் பட்டியல் தயார்.

அதற்கு அடுத்த படி, ஒவ்வொரு எண்ணிக்கையையும் மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குவது. இதுதான் சார்பு நிகழ்வெண்ணைச் சதவீதமாக எழுதும் முறை. கடைசி வரியில் கூட்டிப் பார்த்து, நூறு வந்தால் சரி, வராவிட்டால் தவறு என்று பாடப்புத்தகம் சொல்லும், ஆசிரியரும் சொல்வார். இந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். நூறு வராத பல பட்டியல்கள் சரியானவை. நூறு வந்த பல பட்டியல்கள் தவறானவை. எது எப்போது என்பதற்கு விடை இருக்கிறது, அது கடினமானதும் இல்லை. ஆனால் பள்ளியில் அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

கணக்குக்காக ஒரு வகுப்பை வைத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை, எந்தப் பள்ளியின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. அன்று வகுப்பில் இருந்தவர்கள் 42 பேர்.

| வீட்டு மொழி | மாணவர் | சதவீதம் (முழு எண்) | சதவீதம் (ஒரு தசம இடம்) |
|---|---|---|---|
| தமிழ் | 15 | 36 | 35.7 |
| கன்னடம் | 12 | 29 | 28.6 |
| உருது | 8 | 19 | 19.0 |
| தெலுங்கு | 4 | 10 | 9.5 |
| மற்றவை | 3 | 7 | 7.1 |
| மொத்தம் | 42 | 101 | 99.9 |

முழு எண்ணாக எழுதியவர்களுக்கு 101 வருகிறது. தசமம் வைத்து எழுதிய பக்கத்து பெஞ்சுக்கு 99.9. "மிஸ், எனக்கு ஒண்ணு கூட வருது" என்று ஒரு குரல் எழும், "எனக்குக் குறையுது" என்று இன்னொன்று. இருவருமே சரியாகத்தான் வகுத்திருக்கிறார்கள்.

காரணம் தசமத்துக்குப் பின்னால் இருக்கிறது. 42-இல் 15 என்பது 35.714..., 12 என்பது 28.571..., 4 என்பது 9.523... மூன்றிலும் பின்னம் பாதியைத் தாண்டிவிட்டதால் மூன்றும் மேலே ஏறின. உருதும் மற்றவையும் கீழே இறங்கினாலும் அவை இழந்தது மிகக் கொஞ்சம். ஏறியது இறங்கியதைவிட அதிகமாகி, மிச்சம் சேர்ந்து ஒரு முழுச் சதவீதமாகி நின்றது. ஒரு தசம இடத்தில் எழுதும்போது இதே எண்கள் வேறு இடத்தில் வெட்டுப்படுகின்றன. அங்கே இறங்கியவை அதிகம், அதனால் 0.1 குறைந்தது. இரண்டு இடம் வைத்தால் 99.99.

இது எப்போதோ நடக்கும் விபத்து அல்ல. ஃபிரடரிக் மோஸ்டெல்லரும் அவரோடு இருவரும் 1967-இல் 'டெமோகிராஃபி' இதழில் இதைத் தனி ஆய்வாகவே எழுதினார்கள். 1979-இல் பெர்சி டயகோனிஸும் டேவிட் ஃப்ரீட்மனும் அதைக் கணித அடிப்படையில் விரித்தார்கள். பின்னங்கள் எந்தச் சார்பும் இன்றி எப்படி வேண்டுமானாலும் விழலாம் என்று கொண்டால், மூன்று வகை உள்ள பட்டியல் சரியாக நூறில் முடிய நான்கில் மூன்று வாய்ப்பு. நான்கு வகை என்றால் மூன்றில் இரண்டு. நம் பட்டியல் போல ஐந்து வகை என்றால் ஏறக்குறைய 60 சதவீதம். அதாவது, ஒரு தவறும் செய்யாத பத்து வகுப்புகள் ஐந்து வரிப் பட்டியல் போட்டால், நான்கு வகுப்புகளின் கூட்டுத்தொகை நூறைத் தவறவிடும் என்று எதிர்பார்க்கலாம். அந்த நான்கு வகுப்புகளிலும் பிள்ளைகள் எதையோ ஒன்றைக் 'குறைத்துப் போட்டு' நூறாக்கிக் காட்டுவார்கள். கணக்கில் நேர்மை கற்க வேண்டிய இடத்தில் எண்ணைத் திருத்தக் கற்பார்கள் என்பதுதான் இதில் என்னை உறுத்துவது.

வகுப்பில் 40 பேர் இருந்தால் தொல்லை இன்னும் கூடும். அங்கே ஒரு பிள்ளை என்பது 2.5 சதவீதம். ஒற்றைப்படை எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் பின்னம் சரியாகப் பாதியில் நிற்கும், பாதியை மேலே தூக்குவது நம் வழக்கம். 13, 11, 9, 7 என்று நான்கு வகை வந்தால் 32.5, 27.5, 22.5, 17.5. நான்கும் ஏறி 33, 28, 23, 18 ஆகி, கூட்டினால் 102. பாதியில் நிற்பதைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும் முறை ஒன்று உண்டு. அதன்படி 32, 28, 22, 18 என்று நூறில் முடிகிறது. ஆனால் 40 பேர் வகுப்புக்கு அந்த வித்தையும் தேவையில்லை. ஒரு தசம இடம் வைத்தாலே எதையும் வெட்டாமல் முழுதாக எழுதிவிடலாம்.

தசம இடத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நூறு கிடைத்துவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. நாட்டின் மிகப் பெரிய பட்டியலையே பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மதவாரி விவரம் 2015 ஆகஸ்டில் வெளியானது. ஆறு பெரிய மதங்கள், பிற மதங்கள், மதம் குறிப்பிடாதவர்கள் என்று எட்டு வரிகள். தலை எண்ணிக்கையில் எட்டையும் கூட்டினால் 121,08,54,977 என்ற நாட்டின் மொத்தம் ஒரு தலைகூடப் பிசகாமல் வருகிறது. இதையே இரண்டு தசம இடத்தில் சதவீதமாக்கினால் 79.80, 14.23, 2.30, 1.72, 0.70, 0.37, 0.66, 0.24. கூட்டிப் பாருங்கள்: 100.02. எட்டில் ஏழு வரிகள் மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டவை. இறங்கியது சீக்கியர் வரி ஒன்றுதான், அதுவும் பெயருக்கு. அதே எட்டையும் ஒரு தசம இடத்துக்குக் கொண்டுவந்தால் 79.8, 14.2, 2.3, 1.7, 0.7, 0.4, 0.7, 0.2 என்று சரியாக 100.0 ஆகிறது. கூடுதல் நுணுக்கத்தோடு எழுதிய பட்டியல்தான் இங்கே நூறைத் தாண்டுகிறது. கர்நாடகத்துக்கு மட்டும் அதே கணக்கைப் போட்டால் 6,10,95,297 பேரும் தலை எண்ணிக்கையில் சரியாகக் கூடுகிறார்கள், இரண்டு தசமச் சதவீதமோ 100.01-இல் நிற்கிறது.

அப்படியானால் எவ்வளவு பிசகை மன்னிக்கலாம்? இதற்குத் துல்லியமான எல்லை உண்டு. முழு எண்ணாக்கும்போது ஒரு வரி அதிகபட்சம் அரைச் சதவீதம்தான் பிசக முடியும். ஐந்து வரிக்கு மொத்தம் இரண்டரை. கூட்டுத்தொகை முழு எண் என்பதால் 98-க்குக் கீழோ 102-க்கு மேலோ போக வழியே இல்லை. ஐந்து வரிப் பட்டியல் 97 என்றோ 103 என்றோ காட்டினால், முழுமையாக்கலின் மேல் பழி போடாமல் எங்கே தவறு என்று தேட வேண்டும். ஒரு தசம இடத்தில் எழுதினால் இந்த எல்லை 0.2-ஆகச் சுருங்கிவிடும்.

இந்தச் சுருக்கம் ஏன் முக்கியம் என்பது ஒரு பிள்ளையின் எடையைப் பார்த்தால் விளங்கும். 42 பேர் வகுப்பில் ஒருவர் 2.4 சதவீதம். ஒரு சீட்டு எண்ணாமல் விடுபட்டால் கூட்டுத்தொகை சுமார் 97.6-க்கு இறங்க வேண்டும். முழு எண்ணில் எழுதினால், முழுமையாக்கல் மேலே தள்ளி அந்தப் பள்ளத்தை 99 என்று காட்டிவிடலாம், சில சமயம் 100 என்றுகூட. பார்ப்பவர் வழக்கமான பிசகு என்று விட்டுவிடுவார். தசம இடத்தில் எழுதினால் 0.2-க்கு மேல் போகக் கூடாத இடத்தில் 2.4 குறைகிறது, விடுபட்ட பிள்ளை உடனே கண்ணில் படும். வகுப்புக் கணக்குக்கு ஒரு தசம இடம் என்று நான் பரிந்துரைப்பது இதற்காகத்தான். இரண்டு, மூன்று இடமெல்லாம் 42 பேருக்கு வீண் பந்தா.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடுபட்ட சீட்டைக் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்க வேண்டுமானால், வகுக்கும் எண் வேறு இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இன்று பெரும்பாலோர் இந்தப் பட்டியலை எக்செல்லில் போடுகிறார்கள். ஐந்து எண்களை அடித்து, கீழே கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையாலேயே வகுக்கிறார்கள்:

```
B7: =SUM(B2:B6)
C2: =B2/B$7*100
```

இந்த வழியில் நூறு வராமல் போகவே முடியாது. 42 சீட்டில் இரண்டு தொலைந்து, எஞ்சிய 40-ஐ எண்ணினாலும் நூறு. தமிழ் வரியில் 15-க்குப் பதில் 51 என்று அடித்தாலும் நூறுதான். பகுதிகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையாலேயே பகுதிகளை வகுத்துவிட்டு, மறுபடி கூட்டினால் வேறென்ன வரும்? இது சோதனையே இல்லை. போதாததற்கு, எக்செல்லில் கலத்தின் அமைப்பை மாற்றி முழு எண்ணாகக் காட்டச் சொன்னால், அது காட்டுவதை மட்டும்தான் வெட்டுகிறது. உள்ளே முழுப் பின்னமும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஐந்து வரிகளைக் கையால் கூட்டினால் 101, அதற்கு நேர் கீழே எக்செல் போட்ட மொத்தம் 100. சுவரில் ஒட்டிய விளக்கப்படத்தில் இந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்கும் பிள்ளைதான் வகுப்பில் உண்மையாகக் கணக்குப் போடுகிறவர்.

சோதனையாக வேண்டுமானால் B7-இல் சூத்திரம் கூடாது. அன்றைய வருகைப் பதிவேட்டில் உள்ள 42 என்ற எண்ணைக் கையால் அடிக்க வேண்டும். அப்போதுதான் சீட்டுகளின் கூட்டுத்தொகையும் பதிவேடும் ஒன்றை ஒன்று சாட்சி கேட்கும். உண்மையைச் சொன்னால், சதவீதம் வரை போகாமல் எண்ணிக்கையிலேயே சோதித்துவிடலாம். 15, 12, 8, 4, 3 கூட்டினால் 42, பதிவேடும் 42, முடிந்தது. முழு எண்களில் பிசகுக்கு இடமே இல்லை, நூறு என்பது அதன் நிழல்தான். ஒரு குறி தமிழிலிருந்து தெலுங்குக்கு மாறி விழுந்திருந்தால் மட்டும் இரண்டு சோதனையாலும் பிடிபடாது. அதற்கு வேறு இருவர் சீட்டுகளை மறுபடி எண்ணுவதைத் தவிர வழி இல்லை.

101 வந்த பட்டியலை என்ன செய்வது? அப்படியே விட்டுவிட்டு, 'முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை 100 ஆகாமல் இருக்கலாம்' என்று அடியில் ஒரு வரி எழுதுவதுதான் என் கட்சி. நூறாகியே தீர வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் நியாயமான முறை ஒன்று இருக்கிறது. எல்லாப் பின்னத்தையும் முதலில் வெட்டிவிடுங்கள்: 35, 28, 19, 9, 7. கூட்டினால் 98. மீதி இரண்டை, பெரிய பின்னம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குக் கொடுங்கள். தமிழுக்கு .714, கன்னடத்துக்கு .571, இருவரும் ஒவ்வொன்று பெறுகிறார்கள். முடிவு 36, 29, 19, 9, 7. நூறு வந்தது. விலை கொடுத்தது தெலுங்கு: 9.52 இருந்தும் 9 என்று எழுதப்படுகிறது. யாரிடமிருந்தோ எடுக்காமல் நூறு வராது.

இந்த மீதிக் கணக்கு பள்ளிக்கூட விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இலங்கை நாடாளுமன்றத்தின் மாவட்ட ஆசனங்கள் இப்படித்தான் பிரிகின்றன. மாவட்டத்தில் முதலில் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போக, மீதி ஆசனங்களுக்கு வாக்குகளை வகுத்து, முழு எண்ணுக்கு உரியதைக் கொடுத்தபின், கடைசி ஆசனங்கள் பெரிய மிச்ச வாக்கு உள்ளவர்களுக்குப் போகும். யாழ்ப்பாணத்தில் தேர்தல் இரவு விழித்திருந்தவர்களுக்கு அந்தக் கடைசி ஆசனத்தின் பதைபதைப்பு தெரியும். அமெரிக்காவில் இதே முறை 1880 கணக்கெடுப்புக்குப் பின் ஒரு விபரீதத்தைக் காட்டியது. சபையில் 299 இடம் என்றால் அலபாமாவுக்கு 8, 300 என்று கூட்டினால் 7. மொத்தம் கூட, ஒருவர் பங்கு குறைந்தது. பெரிய மிச்சத்துக்குக் கொடுக்கும் இந்த முறையும் எல்லோருக்கும் எப்போதும் நியாயமானது அல்ல என்பதை அன்றே பார்த்துவிட்டார்கள்.

இனி, நூறு வந்தும் தவறாக இருப்பவை. ஜீவனஹள்ளி போன்ற இடத்தில் கேள்வியைச் சற்றே மாற்றினால் இது உடனே வந்துவிடும். "வீட்டு மொழி எது?" என்பதற்குப் பதில் "எந்தெந்த மொழி பேசத் தெரியும்?" என்று கேளுங்கள். கடைக்குக் கன்னடம், பாட்டிக்குத் தமிழ், பக்கத்து வீட்டு நண்பனுக்கு உருது என்று ஒரு பிள்ளையே மூன்று வரியில் குறி போடும். எல்லோரும் எழுதும் ஆங்கிலத்தை ஒதுக்கிவைத்து, அதே 42 பேரிடம் கன்னடம் 36, தமிழ் 27, உருது அல்லது இந்தி 21, தெலுங்கு 12 என்று வந்ததாக வைப்போம். பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 85.7, 64.3, 50.0, 28.6. கூட்டுத்தொகை 228.6.

நூறு வரவில்லையே என்று பதறுபவர் செய்வது என்ன தெரியுமா? குறிகளைக் கூட்டி, 96 என்று கண்டு, அதனால் வகுப்பார். 37.5, 28.1, 21.9, 12.5. பின்னம்கூடப் பிசகாமல் 100.0. பட்டியல் அழகாகிவிட்டது. அதன் கீழே 'வகுப்பில் 37.5 சதவீதம் பேருக்குக் கன்னடம் தெரியும்' என்று எழுதினால் அது பச்சைப் பொய். ஆறில் ஐந்து பேருக்கு மேல் கன்னடம் பேசும் வகுப்பு அது. 37.5 என்பது சொல்லப்பட்ட பதில்களில் கன்னடத்தின் பங்கு, பிள்ளைகளில் அல்ல. பிழை வகுத்தலில் இல்லை, எதனால் வகுத்தோம் என்பதில் இருக்கிறது. மாறாக, எல்லோரும் தவறு என்று நினைக்கும் 228.6 நல்ல செய்தி ஒன்றைச் சொல்கிறது. நூறால் வகுத்தால் 2.29. ஆங்கிலம் தவிர்த்து, ஒரு பிள்ளை சராசரியாக இரண்டேகால் மொழிக்கு மேல் பேசுகிறது. வட்ட விளக்கப்படம் வரையத்தான் இது ஆகாது. வட்டத்துக்குள் 228 சதவீதத்தை அடைக்க முடியாது, பட்டை வரைபடம் போட வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த இரண்டையும் கலக்காமல் தனித்தனிக் கேள்வியாகவே வைத்திருக்கிறது. தாய்மொழி என்று ஒன்றே ஒன்று, பிறகு தெரிந்த பிற மொழிகள் என்று இரண்டு வரை. முதல் கேள்வியின் பட்டியல் நூறில் முடியும், இரண்டாவது முடிய வேண்டியதில்லை. வகுப்பறையிலும் கேள்வி கேட்கும்போதே இதைத் தீர்மானித்துவிட வேண்டும். ஒரு பிள்ளை வீட்டு மொழிக்கே 'தமிழும் தெலுங்கும்' என்று எழுதினால் என்ன செய்வது என்று சீட்டு வாங்குவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். வாங்கிய பிறகு ஆசிரியர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அது அவர் பதில், பிள்ளையின் பதில் அல்ல. 'இரு மொழி வீடு' என்று ஒரு வரி சேர்ப்பது நல்ல வழி, இந்தப் பகுதியில் அந்த வரி காலியாக இருக்காது.

கடைசியாக, சீட்டே தராதவர்கள். 2011 பட்டியலின் எட்டாவது வரி, மதம் குறிப்பிடாதவர்கள், 28,67,303 பேர். அவர்களை விட்டுவிட்டு ஏழு வரிக்கு நூறு காட்டியிருக்கலாம். காட்டாமல் அவர்களையும் ஒரு வரியாக வைத்தார்கள். நம் வகுப்புப் பட்டியலில் அந்த வரி இல்லை. பதிவேட்டில் 45 பெயர், அன்று வந்தது 42 என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் இல்லாமல்தான் 36-க்கு 29 என்று தமிழ் முன்னால் நிற்கிறது. அந்த மூவரும் கன்னட வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால்? கன்னடம் 15, தமிழ் 15, இரண்டும் 45-இல் 33.3. முன்னிலை காணாமல் போகிறது. மூவரும் தமிழ் வீடாக இருந்தால் 18-க்கு 12, அதாவது 40-க்கு 26.7, இடைவெளி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. வராத மூவர் யார் என்பது தற்செயலாகவும் இருப்பதில்லை. பொங்கலுக்கு மறுவாரம் எடுத்தால் ஊருக்குப் போய் இன்னும் திரும்பாத தமிழ்ப் பிள்ளைகள், ரம்ஜானை ஒட்டி எடுத்தால் உருது பேசும் பிள்ளைகள், யுகாதியை ஒட்டி என்றால் கன்னட, தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் குறைவார்கள். கூட்டுத்தொகை மூன்று நாளிலும் நூறையே காட்டும். ஆகவே பட்டியலின் தலைப்பில் தேதியையும் '45-இல் 42 பேர்' என்பதையும் எழுதிவிட்டு, வராத மூவருக்குச் சீட்டை எடுத்துவைத்தால், அவர்கள் திரும்பிவரும் நாளில் 45-ஆல் மறுபடி வகுத்துக்கொள்ளலாம்.